1இ500 எப்படி 1,500 ஆனது: ஒரு வெளியீட்டுக் குறிப்பைத் திரும்ப எழுதிய அனுபவம்

கல்லடியில் இருந்து நானும், கல்முனையில் இருந்து என் நண்பர் ஒருவரும் சேர்ந்து ஒரு சிறிய திறமூலக் கருவியைப் பராமரித்து வருகிறோம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவது மட்டுமே அதன் வேலை. பாமினியில் தமிழ் எழுத்து உண்மையில் தமிழாகச் சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்துகளே கோப்பில் கிடக்க, எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டும். எழுத்துருவை எடுத்துவிட்டால் மட்டக்களப்பு என்பது `kl;lf;fsg;G` என்றும், இலங்கை என்பது `,yq;if` என்றும் நிற்கும். எங்கள் பக்கத்து அச்சகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் இருபது வருடத்து நினைவு மலர்களும் திருவிழா மலர்களும் இப்படித்தான் கிடக்கின்றன. எங்கள் கருவியின் கட்டளைப் பெயர் `varimatri`. பாவனையாளர்கள் அதிகமில்லை. பெரும்பாலானோரை எனக்குக் குரலாலேயே தெரியும்.

0.9.0 பதிப்பை வெளியிட்ட அன்று நான் எழுதிய குறிப்பு, எழுதியது என்று சொல்லத் தகுதியில்லாதது. முந்தைய பதிப்புக்கும் இதற்கும் இடைப்பட்ட 23 கொமிட்டுகளை ஒரு கட்டளையால் எடுத்து, அப்படியே ஒட்டினேன்.

```
git log --format=%s --no-merges v0.8.0..v0.9.0
```

அந்தப் பட்டியலின் சில வரிகள் இவை:

```
fix: preserve comma between digits
refactor: split mapping table
chore: require Python >= 3.9
feat: normalize output to NFC
fix: crash on empty line in batch mode
feat!: write to new file; add --in-place
```

எனக்கும் நண்பருக்கும் இது தெளிவான வரலாறு. மூன்றாம் நாள் கல்முனை அச்சகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தபோதுதான், அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெளிவான வரலாறு என்பது விளங்கியது.

அச்சகத்தை நடத்தும் அண்ணனிடம் இரண்டு கணினிகள் உள்ளன. ஒன்றில் விண்டோஸ் 7, மற்றதில் விண்டோஸ் 10. "தம்பி, புதுசப் போட்டம். பழைய மெசின்ல இன்னும் அந்த 'இ' வருது. புது மெசின்ல ஒண்டுமே மாறல்ல, இங்கிலீசாவே நிக்குது. நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். அவர் கேட்ட இரண்டுக்கும் விடை நான் ஒட்டிய பட்டியலில் இருந்தது. முதலாவதற்கு `chore` என்று தொடங்கும் வரியிலும், இரண்டாவதற்கு `feat!` என்று தொடங்கும் வரியிலும். அந்த வரிகளைக் காட்டி, "குறிப்பில் போட்டிருக்கிறேனே அண்ணன்" என்று சொல்ல வாயெடுத்தவன், அப்படிச் சொல்வது எவ்வளவு அபத்தம் என்று உணர்ந்து நிறுத்திக்கொண்டேன். அன்றிரவு குறிப்பை முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன். முடிக்க ஒன்பது நாட்கள் ஆயின.

முதலில் செய்த வேலை, கொமிட்டுகளை அவற்றின் முன்னொட்டை நம்பாமல் மீண்டும் வகைப்படுத்தியது. `feat` என்றால் புதிய வசதி, `fix` என்றால் பிழைதிருத்தம், `chore` என்றால் வெளியே தெரியாத வீட்டுவேலை என்பது எங்களுக்குள் இருக்கும் ஒழுங்கு. இந்த ஒழுங்கு குறியீட்டில் எந்த வகையான வேலை நடந்தது என்பதைச் சொல்லுமே தவிர, அந்த வேலை யாருடைய மேசையில் போய் விழும் என்பதைச் சொல்லாது. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: நேற்றுவரை 0.8.0 ஐ வைத்திருந்த ஒருவர், அதே கோப்புக்கு அதே கட்டளையை இன்று கொடுத்தால், அவர் கண்ணில் என்ன வேறுபடும்? 23 இல் பதினெட்டுக்கு "ஒன்றும் வேறுபடாது" என்பதே விடை. மாற்று அட்டவணையை இரண்டு கோப்புகளாகப் பிரித்தது நண்பருக்கு இரண்டு வார இறுதிகளைத் தின்ற வேலை. ஆனால் அச்சகத்தில் அதனால் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

மீதி ஐந்தில் ஒன்று என்னை ஏமாற்றப் பார்த்தது. வெற்று வரி வந்தால் கருவி நின்றுபோகும் பிழையைத் திருத்தியதாக ஒரு `fix` இருந்தது. பாவனையாளருக்கு நல்ல செய்திதானே என்று எழுதவும் தொடங்கிவிட்டேன். பிறகு பார்த்தால், அந்தப் பிழை 0.8.0 இல் இருக்கவேயில்லை. 0.9.0 க்காக வேலை செய்துகொண்டிருந்தபோது நானே உருவாக்கி, பதினொரு நாட்களுக்குப் பின் நானே சரிசெய்தது. யாரும் சந்திக்காத பிழையைத் திருத்தியதாக அறிவித்தால், வாசிப்பவர் தன் பழைய கோப்புகளில் அது எங்கே நேர்ந்திருக்கும் என்று வீணாகத் தேடுவார். பிழைதிருத்தம் ஒவ்வொன்றுக்கும், அந்தப் பிழை முந்தைய வெளியீட்டில் உண்மையாகவே இருந்ததா என்று பழைய பதிப்பை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதை அன்று பழகிக்கொண்டேன்.

ஓட்டிப் பார்ப்பதற்கு இரண்டு பதிப்புகளையும் தனித்தனி மெய்நிகர் சூழல்களில் நிறுவினேன்.

```
python3 -m venv v08
v08/bin/pip install varimatri==0.8.0
python3 -m venv v09
v09/bin/pip install varimatri==0.9.0
```

அச்சக அண்ணனிடம் கேட்டு, அவர் அனுமதித்த முப்பது பழைய கோப்புகளை வாங்கிக்கொண்டேன். நினைவு மலர்களில் குடும்ப விபரங்கள் இருக்கும் என்பதால், சோதனை முடிந்ததும் அழிப்பதாகச் சொல்லியே வாங்கினேன். 0.8.0 மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடும் பழக்கம் உள்ளது. ஆகவே கோப்புறையை முதலே இரண்டு பிரதிகளாக எடுத்துவைத்து, ஒன்றைப் பழைய பதிப்பாலும் மற்றதைப் புதியதாலும் மாற்றி, விளைவுகளை `diff` கட்டளையால் ஒப்பிட்டேன். ஏறத்தாழ எல்லா வரிகளும் வேறுபடுவதாகக் காட்டியது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு ஒரு வேறுபாடும் இல்லை. கோப்பின் அளவு மட்டும் சற்றுக் குறைந்திருந்தது.

என்.எஃப்.சி. என்ற இயல்பாக்கம்தான் இதற்குக் காரணம். பாமினியில் "கொ" என்பது `nfh` என்று மூன்று விசைகளில் கிடக்கும்: ஒற்றைக்கொம்பு, ககரம், கால். 0.8.0 கொம்பைத் தூக்கி ககரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, காலை அப்படியே விட்டுவிடும். ஆகவே ஒகரக் குறி யூனிகோடில் `U+0BC6`, `U+0BBE` என்ற இரண்டு குறியீடுகளாக நிற்கும். நாம் கைப்பேசியிலோ கணினியிலோ யூனிகோட் விசைப்பலகையில் "கொ" என்று தட்டும்போது அதே ஒகரக் குறி வழக்கமாக `U+0BCA` என்ற ஒற்றைக் குறியீடாக வரும். இரண்டும் ஒரே எழுத்து என்றுதான் யூனிகோட் தரநிலை சொல்கிறது. திரையிலும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் எல்லா மென்பொருளும் அந்தச் சமத்துவத்தைப் பார்த்துத் தேடுவதில்லை. அந்த இரண்டு குறியீடுகளையும் ஒன்றாக்க 0.9.0 இல் நாங்கள் சேர்த்தது இந்த ஒற்றை வரி:

```
text = unicodedata.normalize("NFC", text)
```

இந்த மாற்றம் எல்லா வரிகளையும் நிறைத்துக்கொண்டதால், அதற்கடியில் இருந்த மற்ற மாற்றங்கள் எனக்குத் தெரியவில்லை. பழைய விளைவையும் இதே இயல்பாக்கத்துக்கு உட்படுத்திவிட்டு மறுபடி ஒப்பிட்டபோதுதான், எஞ்சிய வேறுபாடுகள் அனைத்தும் எண்களுக்குள் இருக்கும் காற்புள்ளிகள் என்பது வெளிப்பட்டது. இரண்டு மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால், ஒன்றைச் சமப்படுத்திவிட்டு மற்றதைப் பார்ப்பதே வழி. எழுதப்போகும் பதிவின் பொருளை எனக்குத் தந்தது கொமிட் பட்டியல் அல்ல, இந்த ஒப்பீடுதான்.

காற்புள்ளியின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாமினியில் `,` என்ற விசை "இ" ஆகும். காற்புள்ளி வேண்டுமென்றால் `>` ஐத் தட்ட வேண்டும். பழகிய தட்டச்சாளர்கள் இதில் தவறுவதில்லை. ஆனால் ஆவணத்தில் ரூபா 1,500 என்ற எண்ணை மட்டும் ஆங்கில எழுத்துருவுக்கு மாறி அடித்திருப்பார்கள், அல்லது வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருப்பார்கள். ஆவணத்தில் பார்க்கும்போது அது சரியாகவே தெரியும். அதை வெறும் உரைக் கோப்பாகச் சேமித்த கணத்தில் எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் போய்விடும். எங்கள் கருவிக்கு எல்லாம் பாமினியாகத் தெரியும். 1,500 என்பது 1இ500 ஆகிவிடும். பாமினியிலிருந்து மாற்றிய தமிழை இணையத்தில் வாசிக்கும் எவரும் இந்த "இ" யைக் கண்டிருப்பார்கள்.

நண்பர் செய்த திருத்தம் எளிமையானது: இருபுறமும் இடைவெளியின்றி இலக்கம் இருந்தால் `,` காற்புள்ளியாகவே நிற்கும். `5,lq;fs;` என்பதில் ஒருபுறம் மட்டுமே இலக்கம் இருப்பதால் அது வழக்கம்போல "5இடங்கள்" ஆகும். என் முதல் குறிப்பு இதை "இலக்கங்களுக்கிடையில் காற்புள்ளியைப் பேணுதல்" என்று சொன்னது, பொய்யில்லை. புதிய பதிவில், "ரூபா 1,500 இனி 1இ500 ஆக மாறாது" என்று எழுதினேன். அச்சக அண்ணன் தன் கண்ணால் கண்டு எரிச்சலடைந்தது அந்த 1இ500 தான்; அவர் தேடிப் பிடிக்கப்போவதும் அதைத்தான். ஆனால் அந்த வசனத்தோடு நிறுத்தியிருந்தால் இன்னொரு தவறு நேர்ந்திருக்கும். சோதனைக் கோப்பொன்றில் "2015, 2016" என்று ஆண்டுகள் இடைவெளிவிட்டு இருந்தன. அங்கே இன்னமும் "2015இ 2016" என்றே வருகிறது. காற்புள்ளிக்குப் பின் இடைவெளி இருந்தால், அது காற்புள்ளியா, சொல்லின் இறுதியில் தவறி விழுந்த இகரமா என்று கருவியால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே எது சரியாகவில்லை என்பதையும் அதே பந்தியில், அதே அளவு தெளிவாக எழுதினேன். அண்ணன் பிறகு சொன்னது: "இத முதல்லயே சொன்னது நல்லம், இல்லாட்டி எல்லாம் சரியெண்டு நெனச்சு அச்சுக்கு விட்டிருப்பன்."

இயல்பாக்கத்தைப் பற்றி எழுதுவது இதைவிடக் கடினமாக இருந்தது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தை எந்த உதாரணத்தால் காட்டுவது என்று புரியவில்லை. கொக்கட்டிச்சோலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் கருவியைக் கொண்டு, சுற்றுவட்டாரக் கோயில் மலர்களை யூனிகோடுக்கு மாற்றி, ஊர்ப் பெயர்களுக்கு ஒரு சுட்டி தயாரித்துக்கொண்டிருந்தார். என் வரைவை எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து அவரிடம் போனேன். "வெளியீடு இனி என்.எஃப்.சி. வடிவில் இயல்பாக்கப்படும்" என்ற வரியை வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதுல எனக்கு என்ன மனே இருக்கு?" என்றார்.

"சேர், நீங்கள் தேடும்போது ஏதாவது ஊர்ப் பெயர் அகப்படாமல் போனதுண்டா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தன் கணினியில் கொக்கட்டிச்சோலை என்று தட்டித் தேடினார். ஒன்றும் வரவில்லை. மட்டக்களப்பு என்று தேடினார், நிறைய வந்தது. தன் சொந்த ஊர் மட்டும் அகப்படாமல் போவதை அவர் மாதக்கணக்கில் கண்டு, தான் தட்டச்சில் பிழை விடுவதாகவே எண்ணியிருந்தார். கொக்கட்டிச்சோலை என்ற பெயரில் "கொ", "சோ" என்ற இரண்டு எழுத்துகளும் இந்தச் சிக்கலுக்குள் அகப்படுகின்றன. மட்டக்களப்பில் ஒன்றுகூட இல்லை. என் பதிவுக்கு வேண்டிய உதாரணம் அவர் மேசையிலேயே கிடைத்தது: "கொக்கட்டிச்சோலை, கோளாவில் போன்ற ஒகர ஓகாரப் பெயர்களைத் தேடினால் இனி அகப்படும்."

அந்த வசனத்தை அவருக்கு வாசித்துக் காட்டியதும் அவர் கேட்ட அடுத்த கேள்வி, எங்கள் கருவியிலேயே இருந்த ஓட்டையைக் காட்டியது. "நான் ஏற்கனவே மாத்தி வச்சிருக்கிற 140 கோப்புக்கும் என்ன செய்ற?" அவற்றின் பாமினி மூலங்கள் அவரிடம் இல்லை; 0.8.0 அவற்றின் மேலேயே எழுதியிருந்தது. "புதிய பதிப்பால் மறுபடி ஓட்டுங்கள்" என்று நான் சொல்லியிருந்தால் பெரும் கேடு நேர்ந்திருக்கும். ஏற்கனவே யூனிகோடாகிவிட்ட தமிழ் எழுத்துகளைக் கருவி தொடாது; ஆனால் முதல் ஓட்டத்தில் `>` இலிருந்து ஒழுங்காக வந்த காற்புள்ளிகளில் இலக்கங்களுக்கு இடையில் இல்லாதவை அத்தனையும் இரண்டாம் ஓட்டத்தில் "இ" ஆகிவிடும். கொமிட் பட்டியலை எத்தனை தடவை வாசித்தும் எனக்குத் தோன்றாத இந்த ஆபத்து, பாவனையாளர் ஒருவருக்கு எழுத முயன்றபோது தானாக முன்னே வந்து நின்றது. பாமினி மாற்றத்தைச் செய்யாமல் இயல்பாக்கத்தை மட்டும் செய்யும் `--nfc-only` என்ற தெரிவைச் சேர்த்து, 0.9.1 ஆக வெளியிட்ட பிறகே பதிவை முடிக்க முடிந்தது. பதிவு தாமதமானதற்கு நண்பர் முதலில் சலித்துக்கொண்டார். அந்த 140 கோப்புகளின் கதையைச் சொன்னதும் அவரே சோதனைகளை எழுதித் தந்தார்.

மூன்றாவது மாற்றம், அச்சகத்தின் புதிய கணினியில் "ஒண்டுமே மாறல்ல" என்ற முறைப்பாட்டுக்குக் காரணமானது. அங்கே நாங்கள் முன்பு எழுதிக் கொடுத்த இரண்டு வரி `.bat` கோப்பு ஒன்று இருந்தது.

```
varimatri %1
notepad %1
```

0.8.0 இல் முதல் வரி கோப்பின் மேலேயே எழுதும். இரண்டாவது வரி அதைத் திறந்து காட்டும். 0.9.0 இல் மூலக் கோப்பைத் தொடாமல், `malar.txt` க்குப் பக்கத்தில் `malar-uni.txt` என்ற புதிய கோப்பு உருவாகும். இரண்டாவது வரியோ பழைய கோப்பையே திறக்கிறது. கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்திருக்க, அண்ணனின் திரையில் மட்டும் பாமினி அப்படியே நின்றது. பிழைச் செய்தி எதுவும் வராத இத்தகைய மாற்றங்கள்தாம் மிகவும் கவனமாக எழுதப்பட வேண்டியவை. கருவி உடைந்து நின்றால் ஆள் உடனே கேட்பார். உடையாமல் வேறு இடத்தில் எழுதினால் அவர் தன்னையே சந்தேகிப்பார்.

இந்த இடத்தில் நண்பருக்கும் எனக்கும் ஒரு சிறு வாக்குவாதம் ஏற்பட்டது. பதிப்பு எண் 1.0.0 ஐ எட்டும்வரை எதுவும் எப்போதும் மாறலாம் என்பதுதானே பதிப்பெண் விதி, பூச்சியத்தில் தொடங்கும் எண்ணே போதுமான எச்சரிக்கை என்பது அவர் கட்சி. விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த விதியை வாசித்த பாவனையாளர் எங்களிடம் ஒருவர்கூட இல்லை. அச்சக அண்ணனுக்கு 0.9 என்பது 0.8 க்கு அடுத்தது, அவ்வளவுதான். எனவே பதிவில் ஏன் மாற்றினோம் என்பதை ஒரே வசனத்தில் சொல்லி (தவறி இரண்டு முறை ஓட்டினால் காற்புள்ளிகள் கெட்டுவிடும், மூலம் இல்லாவிட்டால் மீட்க வழியில்லை), பழையபடி வேண்டுபவர் முதல் வரியை `varimatri --in-place %1` என்று மாற்ற வேண்டும் என்று அந்த வரியையே முழுதாகக் கொடுத்தேன். "புதிய `--in-place` தெரிவு சேர்க்கப்பட்டுள்ளது" என்று மட்டும் எழுதினால், எந்தக் கோப்பில் எந்த இடத்தில் அதைச் செருகுவது என்பதை வாசிப்பவரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

நான்காவது, அந்த `chore`. பைதன் 3.8 இன் ஆதரவுக் காலம் 2024 ஒக்டோபரில் முடிந்துவிட்டதால், குறைந்தபட்சத் தேவையை 3.9 என்று உயர்த்தினோம். எங்கள் பார்வையில் அது கட்டமைப்புக் கோப்பில் ஒரு வரி. ஆனால் பைதன் 3.9 விண்டோஸ் 7 இல் நிறுவ முடியாதது; 3.8 தான் அந்த இயங்குதளத்துக்குக் கிடைத்த கடைசி வரிசை. ஆகவே அந்த ஒரு வரி, விண்டோஸ் 7 இல் இருக்கும் எவருக்கும் எங்கள் கருவி இனி வளராது என்ற அறிவிப்பு. அதுவும் மௌனமான அறிவிப்பு. பைதன் 3.8 இல் `pip install --upgrade varimatri` என்று கொடுத்தால், தனக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பான 0.8.0 ஏற்கனவே இருப்பதாகச் சொல்லி `pip` அமைதியாக முடித்துவிடும். அண்ணன் புதியதைப் போட்டதாக நம்பியது இதனால்தான். `varimatri --version` என்று கொடுத்துப் பார்த்தால் மட்டுமே உண்மை தெரியும். அந்தக் கட்டளையைப் பதிவில் சேர்த்தேன்.

எழுதும்போது என் தமிழே எனக்கு எதிராக வேலை செய்ததையும் சொல்ல வேண்டும். முதல் வரைவில் ஏழு வசனங்கள் "பட்டுள்ளது" என்று முடிந்தன: மேம்படுத்தப்பட்டுள்ளது, மாற்றப்பட்டுள்ளது, சேர்க்கப்பட்டுள்ளது. அலுவலகச் சுற்றறிக்கைகளை வாசித்து வளர்ந்த கைக்கு இது இயல்பாக வருகிறது. அந்த வசனங்களில் எங்கள் வேலை இருக்கிறது, வாசிப்பவர் இல்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, அவருடைய கோப்பை அல்லது அவரையே எழுவாயாக வைத்துத் திருப்பினேன். "இயல்பிருப்பு வெளியீட்டு முறை மாற்றப்பட்டுள்ளது" என்பது "மாற்றிய பிரதி இனிப் புதிய கோப்பாகச் சேரும்" ஆயிற்று. ஒரு வசனத்தை இப்படித் திருப்ப முடியாமல் போனால், அதில் பாவனையாளருக்கு ஒன்றுமில்லை என்றே பெரும்பாலும் பொருள். அட்டவணையைப் பிரித்ததைப் பற்றிய வரி இப்படித்தான் விழுந்தது.

வரிசையைப் பற்றியும் யோசித்தோம். காற்புள்ளித் திருத்தம் தன்னுடையது என்பதாலோ என்னவோ, அதை முதலில் வைக்க நண்பர் விரும்பினார். தலைப்பை அதற்குக் கொடுத்துவிட்டு, முதல் பந்தியை "இதை உங்களால் போட முடியுமா" என்பதற்கும், இரண்டாவதை "உங்கள் கோப்பு எங்கே போகும்" என்பதற்கும் ஒதுக்கினேன். நல்ல செய்தியை வாசித்துவிட்டு உடனே மேம்படுத்தப் போகிறவர், மூன்றாம் பந்தியில் இருக்கும் எச்சரிக்கையை எட்டுவதேயில்லை. இறுதியாக வெளியிட்ட பதிவு இது:

> 0.9.1: ரூபா 1,500 இனி 1இ500 ஆக மாறாது
>
> உங்கள் கணினி விண்டோஸ் 7 என்றால் இந்தப் பதிப்பை நிறுவ முடியாது, 0.8.0 தொடர்ந்து வேலை செய்யும். மேம்படுத்திய பின் `varimatri --version` என்று கொடுத்து, 0.9.1 என்று வருகிறதா எனப் பாருங்கள்.
>
> மாற்றிய பிரதி இனி `-uni` என்று முடியும் புதிய கோப்பாக, மூலக் கோப்பின் பக்கத்திலேயே சேரும். மூலக் கோப்பு மாறாது. தவறி இரண்டு முறை மாற்றினால் காற்புள்ளிகள் "இ" ஆகிவிடுவதால் இப்படிச் செய்தோம். பழையபடி அதே கோப்பிலேயே வேண்டுமென்றால் `varimatri --in-place malar.txt` என்று கொடுங்கள். `.bat` கோப்பு வைத்திருப்பவர்கள் அதையும் திருத்த வேண்டும்.
>
> எண்களுக்குள் இருக்கும் காற்புள்ளி அப்படியே நிற்கும். "2015, 2016" போல் இடைவெளி இருந்தால் இன்னமும் "இ" வரும். அச்சுக்கு முன் தேடிப் பாருங்கள்.
>
> கொக்கட்டிச்சோலை, கோளாவில் போன்ற பெயர்களைத் தேடினால் இனி அகப்படும். முன்பே மாற்றிய கோப்புகளுக்கு `varimatri --nfc-only malar.txt` போதும். அவற்றைச் சாதாரணமாக மறுபடி மாற்ற வேண்டாம்.

வெளியிடுவதற்கு முன் இதை அச்சகத்துக்குக் கொண்டுபோய், நான் வாய் திறக்காமல் அண்ணன் வாசிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். விளங்கியதா என்று கேட்டால் யாரும் விளங்கியது என்றே சொல்வார்கள். அவர் கை எங்கே போகிறது என்பதையே பார்க்க வேண்டும். அவர் இரண்டாம் பந்தியில் நிறுத்தி, `.bat` கோப்பைத் திறந்து, முதல் வரியில் `--in-place` ஐச் சேர்த்தார். பிறகு யோசித்துவிட்டு அதை அழித்து, இரண்டாவது வரியைப் புதிய கோப்பைத் திறக்கும்படி மாற்றித் தரச் சொன்னார். மூலம் பத்திரமாக இருப்பதே தனக்கு நல்லது என்றார். ஏன் மாற்றினோம் என்ற அந்த ஒற்றை வசனம் இல்லாதிருந்தால் அவர் முதல் திருத்தத்தோடு நின்றிருப்பார்.

23 கொமிட்டுகளின் பட்டியலை நாங்கள் எறிந்துவிடவில்லை. அது `CHANGELOG.md` இல், குறியீட்டை வாசிப்பவர்களுக்காக அப்படியே இருக்கிறது. நண்பரின் அட்டவணை வேலைக்கும் அங்கே உரிய இடமுண்டு. பதிவின் அடியில் அதற்கு ஓர் இணைப்பு மட்டும் கொடுத்தோம்.

விண்டோஸ் 7 பற்றிய முதல் பந்திதான் எங்களை நிம்மதியாக இருக்கவிடவில்லை. "0.8.0 தொடர்ந்து வேலை செய்யும்" என்று எழுதியபோது, அதில் 1இ500 உம் தொடர்ந்து வரும் என்பதை எழுதாமல் விட்டது எனக்கு உறுத்தியது. அண்ணனின் பழைய கணினியில்தான் அச்சு இயந்திரத்துக்கான மென்பொருள் இருக்கிறது; அதை இப்போதைக்கு மாற்ற அவருக்கு வழியில்லை. பைதன் 3.8 இல் ஓடாத எதையும் காற்புள்ளித் திருத்தம் பயன்படுத்தவில்லை என்பதால், அதை மட்டும் பழைய கிளைக்கு எடுத்துச் சென்று 0.8.1 ஆக வெளியிட்டோம். அதற்கான பதிவு நான்கு வசனங்கள்: "விண்டோஸ் 7 இல் உள்ளவர்களுக்கு மட்டும். ரூபா 1,500 இனி 1இ500 ஆக மாறாது. இந்தப் பதிப்பு முன்போலவே உங்கள் கோப்பின் மேலேயே எழுதும், ஆகவே முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கட்டிச்சோலையைத் தேடினால் இதில் இன்னும் அகப்படாது."